ஒரு தொண்டைக்குள் ஓர் ஊர்

மார்ஜ் சிம்ப்சன் வீட்டு வரவேற்பறையில் சகோதரிகள் மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மார்ஜ் கணவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அவளுடைய இரட்டை அக்காக்களான பேட்டியும் செல்மாவும் ஹோமரைக் கரித்துக்கொட்டுகிறார்கள். ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி குறுக்கே விழுகிறாள். கேட்பவருக்கு மூன்று பெண்கள் சண்டை போடுவது போலத்தான் இருக்கும். ஒலிப்பதிவு அறையில் நின்றது ஒரே ஒரு பெண்மணி. பெயர் ஜூலி காவ்னர். கரகரப்பு ஏறிய தன் இயல்பான குரலை ஒட்டி மார்ஜுக்குப் பேசுகிறார். பேட்டிக்கு அதையே கீழே இறக்கி, கொஞ்சம் ஆண்மை கலந்து முரட்டுத்தனமாக்குகிறார். செல்மாவும் அதே வார்ப்புதான், ஆனால் ஒரு துளி இனிப்பு கூடுதல். இவர்களைப் பெற்ற அம்மா ஜாக்குலின் கதைக்குள் வந்தால் அவருக்கும் காவ்னர்தான் குரல்.

‘தி சிம்ப்சன்ஸ்’ அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17 அன்று தொடங்கியது. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற கற்பனை ஊரில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை. அந்த ஊரில் மதுக்கடைக்காரர் உண்டு, போலீஸ் தலைவர் உண்டு, பாதிரியார், மேயர், தலைமை ஆசிரியர், அணுமின் நிலைய முதலாளி என்று எல்லாரும் உண்டு. இத்தனை பேரில் பெரும்பாலானவர்களுக்குக் குரல் கொடுத்து வருபவர்கள் ஆறு நடிகர்கள்தான்.

ஆறு பேர் ஓர் ஊரையே பேசிவிட முடியும் என்றால், 22 நிமிட நாடகம் ஒன்றைச் செய்ய எதற்காக எட்டு ஒன்பது மாதம் ஆகிறது? இந்த இரண்டு விஷயங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குரல் எப்போது பதிவாகிறது, அதற்குப் பிறகு அந்தக் குரல் எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது என்று பார்த்தால் மாதங்களின் கணக்கு விளங்கிவிடும்.

குரலுக்கு ஓர் உடல்

ஹோமராகவும் ஹோமரின் அப்பாவாகவும் பேசுபவர் டான் காஸ்டெல்லனெட்டா. கோமாளி கிரஸ்டி, குடிகார நண்பன் பார்னி, பள்ளித் தோட்டக்காரர் வில்லி, மேயர் குவிம்பி எல்லாரும் அவர்தான். இந்தக் குடும்பம் முதலில் வந்தது 1987இல், ‘டிரேசி உல்மன் ஷோ’ என்ற நிகழ்ச்சிக்கு நடுவே காட்டப்பட்ட மிகச் சிறிய கார்ட்டூன் துண்டுகளில். அப்போது காஸ்டெல்லனெட்டா, நடிகர் வால்டர் மத்தாவின் குரலைப் பின்பற்றி ஹோமரைப் பேசினார். ஓரிரு நிமிடத் துண்டுக்கு அது போதுமானதாக இருந்தது. அரைமணி நாடகமாக ஆனதும் மணிக்கணக்கில் மைக் முன்னால் நிற்க வேண்டிவந்தது. அவ்வளவு நேரம் அந்தக் குரலைப் பிடித்துவைக்க முடியவில்லை. அழுகை, ஆத்திரம், கொஞ்சல் என்று ஹோமருக்கு வேண்டிய உணர்ச்சிகளுக்கெல்லாம் அது வளைந்தும் கொடுக்கவில்லை. அதனால் குரலை இன்னும் கீழே இறக்கி இன்றைய ஹோமரைக் கண்டுபிடித்தார். ஹோமர் பேசும்போது முகவாய்க்கட்டையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துகொள்வார். தலை நிமிர்ந்தால் ஹோமர் போய்விடுவார்.

பல குரல் பேசும் கலைஞர்களின் தொழில் ரகசியம் இதில் அடங்கியிருக்கிறது. குரலை மட்டும் மாற்றினால் அது பலகுரல் நிகழ்ச்சியாகத்தான் முடியும். பத்து நிமிடத்தில் குரல் பழைய இடத்துக்குச் சறுக்கிவிடும். குரலோடு சேர்த்து ஓர் உடல்நிலையைப் பிடித்துக்கொண்டால் அது நிலைத்து நிற்கும். தலை எங்கே இருக்கிறது, தோள் எப்படி இருக்கிறது, ஒலி நெஞ்சிலிருந்து வருகிறதா மூக்கிலிருந்து வருகிறதா, வேகமாகப் பேசும் ஆளா இழுத்துப் பேசும் ஆளா என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் இடம் குறித்துவைத்திருப்பார்கள். பல வாரம் கழித்துக் கூப்பிட்டாலும் அந்த நிலைக்கு உடம்பைக் கொண்டுபோனால் குரல் தானாக வந்து உட்காரும்.

ஹாங்க் அசாரியாவிடம் இதே வேலையின் இன்னொரு பக்கம் தெரிகிறது. அவர் மதுக்கடைக்காரர் மோ. போலீஸ் தலைவர் விக்கமும் அவரே. மோவுக்கு நடிகர் அல் பசீனோவின் குரலை எடுத்து அதில் சரளைக்கல் போல் கரகரப்பைச் சேர்த்துக்கொண்டார். விக்கத்துக்கு முதலில் அவர் எடுத்தது செய்தி வாசிப்பாளர் டேவிட் பிரிங்க்ளியின் பேச்சு நடை. நகைச்சுவைக்கு அது மெதுவாக இருந்தது. பழைய கேங்ஸ்டர் படங்களில் வந்த எட்வர்ட் ஜி. ராபின்சனின் நடைக்கு மாறியதும் விக்கம் சுறுசுறுப்பானார். குரலில் கேட்பவர் முதலில் கவனிப்பது தொனியை. நாடகத்துக்கு அதைவிட முக்கியம் வேகம். ஒரு பாத்திரம் ஒவ்வொரு வரிக்கும் அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், 22 நிமிடத்துக்குள் கதை அடங்காது.

ஹோமர் தவறு செய்ததும் எழுப்பும் அந்தச் சின்ன முனகல் உலகம் அறிந்தது. ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் வார்த்தையே இருக்காது. ‘எரிச்சலான முனகல்’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும். லாரல்–ஹார்டி படங்களில் வந்த ஜேம்ஸ் ஃபின்லேசன் இழுத்து முனகுவதைப் போல காஸ்டெல்லனெட்டா அதைச் செய்துகாட்டினார். அனிமேஷனின் ஓட்டத்துக்கு அது நீளம் என்று தொடரைப் படைத்த மேட் குரோனிங் சொல்ல, வெட்டிச் சுருக்கினார். அந்தச் சுருக்கம்தான் நிலைத்தது.

மைக் முன்னால்

பதிவு அறையில் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு மைக், ஸ்கிரிப்ட் வைக்க ஒரு சாய்வுத் தாங்கி. பக்கங்களைப் பின் அடித்து வைக்கமாட்டார்கள். தாள் புரட்டும் சத்தம் மைக்கில் விழுந்தால் வரி வீண். சரசரக்கும் உடைக்கும் குலுங்கும் வளையலுக்கும் அங்கே இடமில்லை. பசி வயிற்றின் உறுமல்கூடப் பதிவாகிவிடும் என்பதால் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வாய் உலர்ந்து ‘கிளிக்’ என்று ஒட்டும் சத்தம் வந்தால் பச்சை ஆப்பிள் ஒரு கடி கடிப்பது இந்தத் தொழிலில் பழைய கைவைத்தியம்.

ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பதிவு தொடங்கும். ஒரே வரியை நடிகர் மூன்று நான்கு விதமாகச் சொல்வார். எதிரே இருப்பவர் பக்கத்தில் நிற்கிறாரா, தெருவின் மறுகோடியில் நிற்கிறாரா என்று இயக்குபவர் நினைவுபடுத்துவார். முன்னால் படம் எதுவும் ஓடாது. ஓடுவதற்குப் படமே இன்னும் வரையப்படவில்லை. ஓடி மூச்சிரைப்பது, படியில் உருள்வது, வாய் நிறைய உணவோடு பேசுவது எல்லாவற்றையும் நின்ற இடத்தில் கற்பனை செய்து செய்ய வேண்டும். அலறல், இருமல், கத்தல் இருக்கும் வரிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது வழக்கம். முதலிலேயே கத்தினால் தொண்டை கட்டி, மிச்சமிருக்கும் பாத்திரங்கள் கெட்டுப்போகும்.

ஒரே நடிகரின் இரண்டு பாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொண்டால் என்ன செய்வார்கள்? பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. முதலில் ஒரு பாத்திரத்தின் வரிகளை முழுக்கப் பேசிவிடுவது, அப்புறம் உடம்பை மாற்றிக்கொண்டு மற்றதைப் பேசுவது, பிறகு எடிட்டர் இரண்டையும் கோப்பது. இதில் குரல் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்லும் உயிர்ப்பு குறையும். அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ், அவருக்குப் பணிந்து நடக்கும் உதவியாளர் ஸ்மிதர்ஸ் இருவரும் ஹாரி ஷியரர்தான். அவர்களுடைய உரையாடலை அவரால் ஒரே டேக்கில் மாறி மாறிப் பேச முடியும். பர்ன்ஸின் அதட்டல் முடிந்த அந்த மூச்சிலேயே ஸ்மிதர்ஸின் பணிவு வரும். இருவருக்கும் நடுவில் விழும் சின்ன இடைவெளியைக்கூட அவரே தீர்மானிக்கிறார். இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பர்ன்ஸின் குரல் தொண்டையை அறுக்கக்கூடியது. தொண்டையை ஆற்ற அவர் தேநீரும் தேனும் குடிப்பதுண்டு.

முதலில் குரல், பிறகு முகம்

டப்பிங் என்றால் படம் ஓட ஓட உதட்டசைவுக்கு வசனம் பேசுவது என்று நமக்குப் பழக்கம். அமெரிக்க அனிமேஷன் நாடகத்தில் முறை தலைகீழ். குரல்தான் முதல் அளவு. தையற்காரர் அளவெடுத்த பிறகு துணி வெட்டுவது போல, குரல் பதிவான பிறகே படம் வரைகிறார்கள். நடிகர் எந்த அசையை இழுத்தார், எங்கே மூச்சு வாங்கினார், எந்த இடத்தில் தயங்கினார் என்பதைப் பொறுத்துத்தான் பாத்திரத்தின் புருவம் ஏறுகிறது, கை விரிகிறது.

அதற்கு முன்பே ஒன்றிரண்டு மாதம் எழுத்துக்குப் போயிருக்கும். ஓர் எழுத்தாளர் கதையைச் சொல்வார், எழுத்தாளர் குழு உட்கார்ந்து காட்சி காட்சியாக அலசும், அவர் போய் முதல் வடிவத்தை எழுதி வருவார். அப்புறம் குழு முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தும். திருத்தி முடித்ததும் நடிகர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து முழு ஸ்கிரிப்டையும் வாசிப்பார்கள். சுவரோரம் எழுத்தாளர்கள் பேனாவோடு காத்திருப்பார்கள். சிரிப்பு விழுந்த வரிக்கு ஒரு குறி, விழாத வரிக்கு ஒரு குறி. அன்றே மறுபடியும் திருத்தம் தொடங்கும். சில நாட்கள் கழித்து ஒலிப்பதிவு. பதிவான டேக்குகளில் சிறந்ததைப் பொறுக்கிக் கோத்தால் ஒரு வானொலி நாடகம் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கதை புரிய வேண்டும்.

அந்த வானொலி நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓவியர்கள் ஸ்டோரிபோர்டு வரைகிறார்கள். யார் எங்கே நிற்கிறார், கேமரா எங்கிருந்து பார்க்கிறது என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் வரைவு அது. அந்தக் கட்டங்களைக் குரலோடு இணைத்து, கோட்டுச் சித்திரங்கள் லேசாக அசையும் படமாக ஓட்டுவார்கள். அதற்கு அனிமேட்டிக் என்று பெயர். வண்ணம் இருக்காது, கை கால் அசைவு அரைகுறையாக இருக்கும். ஆனால் முதன்முறையாக நாடகம் கண்ணுக்குத் தெரியும். மேசையில் எல்லாரையும் சிரிக்க வைத்த வரி இங்கே செத்துக் கிடப்பதும் உண்டு. குரலில் சிரிப்பு வந்தது, படமாகப் பார்க்கும்போது வரவில்லை. எழுத்தாளர்கள் மறுபடியும் உட்கார்வார்கள். நடிகர்கள் மறுபடியும் மைக் முன் வருவார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு வரியை மாற்றினால் நடிகரின் சிறிது நேரமும் ஓவியரின் ஒருநாள் வேலையும் செலவாகும். இதைத் தாண்டிவிட்டால் செலவு மளமளவென்று ஏறும். ஏன் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு பிம்பங்களுக்கு நிறுத்திவைப்பது இந்த வகை அனிமேஷனில் வழக்கம் என்பதால், விநாடிக்கு 12 புதிய சித்திரங்கள். 22 நிமிடம் என்பது 1,320 விநாடி. பெருக்கினால் ஏறத்தாழ 15,800 சித்திரங்கள். அசையாமல் நிற்கும் ஆளுக்கு வாயை மட்டும் மாற்றினால் கணக்கு குறையும். ஒரே காட்சியில் நான்கு பேர் அசைந்தால் கூடும்.

வாய்க்கும் தனிக் கணக்கு உண்டு. பதிவான குரலை ஒருவர் பிம்பம் பிம்பமாகக் கேட்டு, எந்த ஒலி எந்தப் பிம்பத்தில் விழுகிறது என்று எக்ஸ்போஷர் ஷீட் என்ற நீளத் தாளில் குறிப்பார். ‘ப’, ‘ம’ போன்ற ஒலிகளுக்கு மூடிய உதடு, ‘ஆ’வுக்கு அகன்ற வாய், ‘ஓ’வுக்குக் குவிந்த வாய் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சுமார் பத்து வாய் வடிவங்கள் தயாராக இருக்கும். அவற்றில் எது, எத்தனையாவது பிம்பத்தில் என்பதை அந்தத் தாள் சொல்லும். ஒரு வார்த்தையை மாற்றினால் அந்தத் தாள் மாறும், அதை நம்பி வரையப்பட்ட வாய்கள் அத்தனையும் மாறும்.

முக்கியமான நிலைகளை அமெரிக்காவில் வரைந்துவிட்டு, இடைப்பட்ட சித்திரங்களையும் வண்ணத்தையும் தென்கொரியாவில் செய்வது சிம்ப்சன்ஸின் நெடுநாள் முறை. சியோலில் உள்ள ஆகோம் ஸ்டூடியோ தொடக்க காலத்திலிருந்தே இந்த வேலையைச் செய்தது. முன்பெல்லாம் தாள்கள் பெட்டி பெட்டியாக விமானத்தில் போகும். அங்கே ஒளி ஊடுருவும் தகடுகளில் கோடு பதித்து, கையால் வண்ணம் பூசி, கேமராவில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஃபிலிமாகத் திரும்பி வரும். 2002க்குப் பிறகு வண்ணம் கணினிக்கு மாறியது. இருந்தாலும் பல வாரம் எடுக்கும் வேலைதான். வண்ணத்தோடு திரும்பி வந்த படத்தைப் பார்த்து மறுபடி ஒரு திருத்தம், தவறான காட்சிகளை மீண்டும் வரைந்து வாங்குவது, பிறகு எடிட்டிங், ஒலிக்கலவை. ஆல்ஃப் கிளாசன் 1990 முதல் 2017 வரை இந்தத் தொடருக்கு இசையமைத்தார். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஏறத்தாழ 35 இசைக்கலைஞர்களை உட்காரவைத்து வாசித்துப் பதிவு செய்தார்கள்.

இந்த வேலைகளில் பலவற்றை ஒன்றாகத் தொடங்க முடியாது. குரல் இல்லாமல் கட்டம் வரைய முடியாது, கட்டம் இறுதியாகாமல் கொரியாவுக்கு அனுப்ப முடியாது, படம் வராமல் இசையை அளந்து எழுத முடியாது. ஆட்களைக் கூட்டினாலும் இந்த வரிசை சுருங்காது. அதனால்தான் ஒரே சமயத்தில் பல நாடகங்கள் வேறு வேறு கட்டத்தில் நடந்துகொண்டிருக்கும். ஒன்று மேசையில் வாசிக்கப்படும், ஒன்று கொரியாவில் இருக்கும், ஒன்றுக்கு இசை பதிவாகும். மூன்று கதைகளும் ஹோமரின் குரலுக்காகக் காத்திருக்கும். காஸ்டெல்லனெட்டா ஒரே நாளில் புதிய கதைக்கு முழு ஒலிப்பதிவும், பழைய கதைக்கு இரண்டே இரண்டு வரியும் பேசிவிட்டுப் போக நேரும்.

1989இல் வந்த அதிர்ச்சி

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தொடரின் தொடக்கமே காட்டியது. முதலில் தயாரானது ‘சம் என்சான்டட் ஈவ்னிங்’ என்ற கதை. பெற்றோர் வெளியே போக, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் திருடியாக இருப்பதைச் சொல்வது. 1989 இலையுதிர் காலத்தில் அதை வைத்துத்தான் தொடரைத் தொடங்குவதாகத் திட்டம். எழுத்து முடிந்தது, குரல் பதிவானது, படம் கொரியாவிலிருந்து திரும்பியது. பார்த்த தயாரிப்பாளர்கள் உறைந்துபோனார்கள்.

படம் ரப்பர் போல ஆடியது. கதவைச் சாத்தினால் கதவே வளைந்தது. வழக்கமான கார்ட்டூனில் அது தவறே இல்லை. அங்கே ஆட்கள் நசுங்குவார்கள், நீள்வார்கள், மறுபடி எழுந்து நிற்பார்கள். குரோனிங்கும் தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸும் நினைத்தது வேறு. இந்தக் குடும்பம் நிஜமான வீட்டில், நிஜமான எடையோடு வாழ வேண்டும். ஹோமர் விழுந்தால் வலிக்க வேண்டும். நடிகர்கள் மைக் முன்னால் கொடுத்ததும் அந்த நிஜமான வலியையும் கோபத்தையும்தான். ரப்பர் உடம்பிலிருந்து அந்தக் குரல் வந்தபோது இரண்டும் ஒட்டவில்லை.

ஏறத்தாழ 70 சதவீதப் படத்தை மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்து வரவிருந்த ‘பார்ட் தி ஜீனியஸ்’ கதையும் இப்படியே வந்தால் தொடரையே கைவிடலாம் என்ற யோசனை இருந்தது. டேவிட் சில்வர்மேன் இயக்கிய அந்தக் கதை எளிதில் திருத்தக்கூடிய சின்னக் குறைகளோடு மட்டுமே வந்தது. தொடர் பிழைத்தது. ஆனால் இலையுதிர் காலத்துத் தொடக்கம் தவறிப்போய், டிசம்பரில் கிறிஸ்துமஸ் கதையோடுதான் ஆரம்பிக்க முடிந்தது. முதலில் வரவேண்டிய கதை, திருத்தப்பட்டு, முதல் பருவத்தின் கடைசிக் கதையாக 1990 மே 13 அன்று ஒளிபரப்பானது.

அந்தக் கதைக்குள் இன்னொரு மாற்றமும் ஒளிந்திருக்கிறது. மோவுக்கு முதலில் பேசியவர் கிறிஸ்டோபர் காலின்ஸ் என்ற நடிகர். பிறகு அவருக்குப் பதிலாக ஹாங்க் அசாரியாவை எடுத்தார்கள். காலின்ஸ் ஏற்கெனவே பேசியிருந்த வரிகளின் மேல் அசாரியாவின் குரல் ஏற்றப்பட்டது. ஒரு மனிதரின் மூச்சளவுக்கு வெட்டிய இடத்தில் இன்னொருவர் தன் வார்த்தைகளைப் பொருத்திப் பேச வேண்டியிருந்தது. படத்தைத் திருத்த மாதங்கள் ஆயின. குரலைத் திருத்த ஒரு மைக் போதுமானதாக இருந்தது.

எல்லாத் தவறுக்கும் இப்படித் திருத்தம் கிடைத்துவிடாது. 1990 ஜனவரியில் வந்த ‘ஹோமர்ஸ் ஒடிசி’ கதையில் ஸ்மிதர்ஸ் கருத்த தோலும் நீல முடியுமாகத் தோன்றுவார். வண்ணம் குறித்ததில் நடந்த பிழை. மறுபடி பூசப் பணம் இல்லாததால் அப்படியே ஒளிபரப்பானது. அடுத்தடுத்த கதைகளில் அவர் ஊரார் எல்லாரையும் போல மஞ்சளாகிவிட்டார்.

ஆறு நாளில் முடிப்பவர்கள்

இத்தனை மாதம் கட்டாயம்தானா என்று கேட்பவர்களுக்குப் பதில் ‘சவுத் பார்க்’ தொடரில் இருக்கிறது. டிரே பார்க்கர், மேட் ஸ்டோன் என்ற இரண்டு நண்பர்கள் 1997இல் தொடங்கியது. ஆண் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர்களே பேசுகிறார்கள். பார்க்கர் எழுதுகிறார், தன் அலுவலகத்திலேயே இருக்கும் பதிவு அறைக்குள் போகிறார், பேசிவிட்டுத் திரும்புகிறார். சிறுவர்களின் குரலுக்குத் தொண்டையை வருத்துவதோடு நிறுத்தாமல், பதிவைக் கணினியில் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்கிறார்கள். காகிதத்தில் வெட்டி ஒட்டிய பொம்மைகள் போலத் தோன்றும் பாத்திரங்கள் கணினியில் அசைகின்றன. அவற்றின் அசைவே கம்மி. வரைதல், வண்ணம், எடிட்டிங் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் நடக்கின்றன.

அவர்கள் வியாழக்கிழமை கதை பேசத் தொடங்கி அடுத்த புதன்கிழமை ஒளிபரப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். 2008இல் ஒபாமா அதிபர் தேர்தலில் வென்ற மறுநாளே, நவம்பர் 5 அன்று, அந்த வெற்றியை வைத்து எடுத்த கதை ஒளிபரப்பானது. சிம்ப்சன்ஸுக்கு அது நடக்காத காரியம். இந்த வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2013 அக்டோபரில் ஸ்டூடியோவில் மின்சாரம் போனது. கையில் மிச்சமிருந்த சில மணி நேரமும் வீணானதால் அந்த வாரக் கதையை உரிய நாளில் கொடுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் வேலை செய்பவர்கள் ஒருநாள் மின்வெட்டைச் சமாளித்துக்கொள்வார்கள். ஆறு நாளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மாலை போனாலே கதை போய்விடும்.

சிம்ப்சன்ஸ் குழுவும் ஒருமுறை மூன்றே நாளில் பதில் சொன்னது. 1992 ஜனவரி 27 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் ‘வால்டன்ஸ்’ தொடரில் வரும் குடும்பத்தைப் போல இருக்க வேண்டும், சிம்ப்சன்களைப் போல இருக்கக் கூடாது என்று ஒரு கூட்டத்தில் பேசினார். 30ஆம் தேதி ஒரு பழைய கதையின் மறு ஒளிபரப்பு இருந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு சின்னக் காட்சியைச் செருகினார்கள். குடும்பம் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் புஷ்ஷின் பேச்சைப் பார்க்கிறது, பார்ட் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்கிறான். பார்ட்டாகப் பேசும் நான்சி கார்ட்ரைட் வந்து அந்த வரியைப் பேசினார். பழகிய அறை, பழகிய சோபா, ஒருவருடைய ஒரு வரி. அந்த அளவுக்கு மூன்று நாள் போதும்.

வீட்டில் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

படம் முழுதாக முடிந்த பிறகும் ஒரு வரி மட்டும் பிசகலாம். அதற்குள் நாட்டில் ஏதாவது நடந்து நகைச்சுவை பழசாகியிருக்கலாம், கதை புரியவில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். அந்த நிலையில் புதிதாக வரைய நேரம் இருக்காது. எழுத்தாளர்கள் பழைய வரியின் வாயசைவை எண்ணிப் பார்த்து, அதே நீளத்தில், உதடு மூடும் இடத்தில் உதடு மூடும் ஒலி வருமாறு புதிய வரி தேடுவார்கள். கிடைக்காவிட்டால், பேசுபவர் முதுகைக் காட்டி நிற்கும் நொடியை, வீட்டை வெளியிலிருந்து காட்டும் காட்சியை, கார் தூரத்தில் போகும் காட்சியைத் தேடுவார்கள். அங்கே வாய் தெரியாது. எந்த வரியையும் வைக்கலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு நாடகம் பார்க்கும்போது, கட்டடத்தின் வெளிப்புறம் மட்டும் தெரியும்போது உள்ளிருந்து வரும் வசனங்களைக் கவனித்துக் கேளுங்கள். சற்று அதிகமாகச் சிரிப்பு மூட்டும் வரியாகவோ, கதையை அவசரமாக விளக்கும் வரியாகவோ அது இருந்தால், ஒளிபரப்புக்குச் சற்று முன்பு யாரோ மறுபடி மைக் முன்னால் நின்றிருக்கிறார் என்று ஊகிக்கலாம். வேலையைத் தொடங்கி வைத்த குரலேதான் கடைசி நாளிலும் திருத்தக்கூடியதாக மிஞ்சுகிறது. வரைந்த படத்தைக் கலைத்தால் பல வாரம் வீணாகும். நன்றாகப் பழகிய ஒரு தொண்டையிடம் கேட்டால் புதிய வரி சில நிமிடத்தில் வந்துவிடும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பதால்தான், மாற்றவேண்டியதையெல்லாம் குரலாகவும் கோட்டுச் சித்திரமாகவும் இருக்கும்போதே மாற்றிவிட இந்தக் குழுக்கள் மாதக்கணக்கில் மெனக்கெடுகின்றன.